அம்மாச்சிக்கு யார் கேதம் கேட்பது?

கைக்குழந்தை இறந்த வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகிறவர்களை வாசலில் எதிர்கொள்வது பெரும்பாலும் அந்தக் குழந்தையின் பாட்டியோ தாத்தாவோதான். பெற்றவள் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். பெற்றவன் தெருமுனையில் யாரோடும் பேசாமல் நின்றுகொண்டிருப்பான். வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும், "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதும் பெரியவர்களின் வேலையாகிவிடுகிறது. சொல்லி முடித்ததும் வந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "மக எப்படி இருக்கா? ஏதாச்சும் சாப்பிட்டாளா? நீங்கதான் அவளுக்குத் தைரியம் சொல்லணும்." அந்தப் பெரியவர் தலையாட்டுவார். வந்தவர் எழுந்து போவார். பேரப்பிள்ளையை இழந்த அவருக்கென்று ஒரு சொல்லும் அங்கே பேசப்பட்டிருக்காது.

இது மனிதர்களின் கல்நெஞ்சத்தால் நடப்பதில்லை. பெற்றவர்களின் துயரம் பெரிது, அதன் முன்னால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தாத்தா பாட்டிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தங்கள் அழுகையை அடக்கிக்கொள்வதுதான் மகளுக்குச் செய்யும் உதவி என்று நம்புகிறார்கள். 1975-இல் ஜோ-ஐலீன் கியூலே என்ற அமெரிக்கச் செவிலியர், குழந்தை இறந்த வீடுகளில் எல்லோராலும் மறக்கப்படுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சுட்டியவர்களில் தாத்தா பாட்டிகளும் உண்டு. அதன் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இவர்கள் ஒரே சாவுக்கு இருவருக்காக அழுகிறார்கள். ஒன்று, போன பேரப்பிள்ளைக்காக. இன்னொன்று, கண்ணெதிரே நொறுங்கிக்கிடக்கும் தாங்கள் பெற்ற பிள்ளைக்காக.

இந்த இரண்டாவது அழுகை முதலாவதைவிடச் சிறியதில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்கத் தெரிந்தவள் அம்மா. கடன் என்றால் தோட்டை அடகு வைக்கத் தெரிந்தவள். மாப்பிள்ளை வீட்டில் மனத்தாங்கல் என்றால் நாலு பேரை அழைத்துப் போய்ப் பேசத் தெரிந்தவர் அப்பா. இத்தனை வருடமாக மகளுக்கு வந்த ஒவ்வொரு சங்கடத்துக்கும் ஏதோ ஒன்றைச் செய்து பழகிய அந்தக் கைகளுக்கு, இப்போது செய்ய ஒன்றுமே இல்லை.

நம் ஊரில் இந்தத் துயரம் மிகக் கடுமையாக விழும் இடம் தலைப்பிரசவம் பார்க்கிற தாய்வீடு. அங்கே பாட்டி வெறும் உறவுக்காரி இல்லை, பிரசவத்துக்குப் பொறுப்பேற்றவள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யாருடைய வீடு என்றில்லை, மதுரைப் பக்கம் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு. மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கிறது. கை நிறைய வளையலோடு அவளைப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் பயணமாகத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். வந்த நான்காம் நாள் இரவு பனிக்குடம் உடைந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் குழந்தை பிறக்கிறது. எடை 1,150 கிராம். நேரே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போகிறார்கள்.

அடுத்த ஒன்பது நாட்களில் அந்த அம்மாச்சி என்னவெல்லாம் செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். மகள் வார்டில் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் தருகிறாள். அந்த அளவுக் குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ செருகிய மெல்லிய குழாயில், தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் கொடுப்பார்கள். அந்தக் கிண்ணத்தைச் சிந்தாமல் மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அம்மாச்சி. ஆறாம் நாள் குழந்தை கொஞ்சம் தேறுகிறது. மகளுக்குக் காய்ச்சல் அடிப்பதால், கங்காரு பராமரிப்புக்கு அம்மாச்சியைக் கூப்பிடுகிறார் செவிலியர். வெற்று மார்பின் மேல் குழந்தையைக் குப்புறச் சாய்த்து, துணியால் சேர்த்துக் கட்டி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் முறை அது. தாயால் முடியாதபோது வீட்டில் வேறு யாரும் செய்யலாம், பாட்டிகள் நிறையப் பேர் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையின் மூச்சு அவள் நெஞ்சுக்குழியில் ஏறி இறங்கியது. எட்டாம் நாள் இரத்தத்தில் கிருமி தொற்றியது. ஒன்பதாம் நாள் விடியலில் குழந்தை போய்விட்டது.

ஊரார் பார்வையில் அது "பிறந்து ஒன்பது நாளிலேயே போன பிள்ளை". பெயர் வைக்கவில்லை, தொட்டிலில் போடவில்லை, தெருவில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மூன்று நான்கு பேர்தான், அவர்களில் ஒருத்தி இந்த அம்மாச்சி. பேரனை அவள் சுமந்திருக்கிறாள் என்பது கேதம் கேட்க வருகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் ஆறுதல் என்று நினைத்துச் சொல்வார்கள்: "நாலு வருசம் வளர்த்துக் குடுக்காம இப்பவே போச்சே, அந்த மட்டும் தேவலை." "வயசு இருக்கு, அடுத்த வருசமே ஒண்ணு வந்துரும்." இந்த இரண்டும் அவள் காதில் விழுவது ஒரே மாதிரிதான்: வந்து போனது ஒரு பிள்ளையே இல்லை.

சாவுச் சடங்குகளும் இவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரியவர் ஒருவர் இறந்தால் உறவு கூடுவதற்கு ஒரு நாள் குறிக்கப்படுகிறது. வராதவரும் அன்றைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். குழந்தைச் சாவில் அந்த நாள் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில் உயிரோடு பிறந்து இறந்த சிசுவுக்கும் பெயர் உண்டு, குளிப்பாட்டுதல் உண்டு, ஜனாஸா தொழுகை உண்டு. அந்தத் தொழுகையில் நிற்கும் தாத்தாவுக்குத் தன் இழப்பை நாலு பேர் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. மற்ற பல வீடுகளில், வெள்ளைத் துணியில் சுற்றிய பொதியைக் கையில் வாங்கிக்கொண்டு அமரர் ஊர்தியிலோ ஆட்டோவிலோ போய், இரண்டு மூன்று ஆண்கள் அரை மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். போனவர்களில் ஒருவர் தாத்தா. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அதன் பிறகு அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. துக்கப்பட ஊர் இடம் தராத துக்கங்களைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-இல் விரிவாக எழுதினார். இறந்தவரோடு இருந்த உறவு சிறிது என்றோ, இறந்ததே ஒரு பெரிய இழப்பில்லை என்றோ மற்றவர்கள் கருதும்போது, அழுகிறவருக்கு அழும் உரிமையே இல்லாமல் போகிறது என்பது அவர் வாதம். ஒன்பது நாள் குழந்தையின் தாத்தாவுக்கு இரண்டுமே பொருந்தும்.

நம் பழைய கதையொன்றில் இதே துக்கம் வருகிறது. பாரதப் போர் முடிந்து கண்ணன் துவாரகைக்குத் திரும்புகிறான். தந்தை வசுதேவர் போரின் கதையைக் கேட்கிறார். கண்ணன் எல்லாம் சொல்கிறான், அபிமன்யு இறந்ததை மட்டும் விட்டுவிடுகிறான். அபிமன்யு வசுதேவரின் மகள் சுபத்திரையின் பிள்ளை, அவருக்குப் பேரன். கிழவரின் மனம் தாங்காது என்று மகன் மறைக்கிறான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த சுபத்திரை, என் பிள்ளையின் சாவையும் சொல் என்று கேட்டு மயங்கி விழுகிறாள். விழுந்த மகளைப் பார்த்து வசுதேவரும் விழுகிறார். நினைவு திரும்பியதும் அவர் கண்ணனைக் கடிந்துகொண்டு கேட்பது ஏன் மறைத்தாய் என்பதைத்தான். பிறகு பேரன் எப்படிப் போரிட்டான், எப்படி விழுந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு அவனுக்குச் சிராத்தம் செய்கிறார். மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் இருக்கிறது இது. அதை எழுதியவருக்குத் தாத்தாக்களைத் தெரிந்திருக்கிறது. பெரியவர் தாங்கமாட்டார் என்று மறைப்பது அவருக்கு உதவவில்லை. முழுக் கதையையும் கேட்பதும், தன் கையால் ஏதாவது ஒன்றைச் செய்வதும்தான் உதவுகின்றன.

இனி, அந்த மதுரைப் பக்கத்து வீட்டுக்கு நாம் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் பெற்றவளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவளைப் பார்க்க முடிந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, உங்க பேரன் போயிட்டானே" என்று சொன்னால் போதும். "உங்க பேரன்" என்ற அந்த இரண்டு சொற்களில் அவளும் பறிகொடுத்தவள் என்பது வந்துவிடுகிறது. மகளைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். அதையும் "நீங்கதான் தைரியம் சொல்லணும்" என்று முடிக்க வேண்டாம். "மக படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பாக்குறது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வரும். அழுதால் அழட்டும். அவளை அமர்த்துவது நம் வேலையில்லை.

பிறகு குழந்தையைப் பற்றிக் கேட்கலாம். இதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறோம், புண்ணைக் கிளறுவதாக நினைக்கிறோம். ஆனால் "யாரு சாயல்ல இருந்தான்?" என்று ஒரு அம்மாச்சியிடம் கேட்டால், அநேகமாக அவள் முகம் திரும்பும். நெற்றி தாத்தாவுக்கு, விரல் நீளம் அப்பனுக்கு, தலை நிறைய முடி என்று சொல்ல அவளிடம் இருக்கிறது. கேட்பாரில்லாமல்தான் அது உள்ளேயே கிடக்கிறது. பெயர் வைக்காத குழந்தை என்றால், வீட்டில் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டு அதே பெயரால் பேசலாம். குட்டிப்பையன் என்றோ தங்கம் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் பேச விரும்பவில்லை என்றால் அதுவும் உடனே தெரிந்துவிடும், ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அப்போது சும்மா உட்கார்ந்திருப்பதே போதும்.

அவள் தானாகச் சொல்லக்கூடிய ஒரு வாசகம் உண்டு. "என்னையக் கொண்டுக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா, இந்தப் பிஞ்சக் கொண்டுபோயிட்டானே." பேரப்பிள்ளையை இழந்த பெரியவர்கள் எல்லா நாட்டிலும் சொல்வது இது. வயது முறை தப்பிவிட்டது, போக வேண்டியவர் இருக்க வந்தவர் போய்விட்டார் என்ற நினைப்பு அவர்களை அரிக்கிறது. இதற்கு "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று பதில் சொல்லி வாயை அடைக்க வேண்டாம். "மாத்திக்க முடிஞ்சா நீங்க மாத்தியிருப்பீங்க, எங்களுக்குத் தெரியும்" என்பது அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டவரின் பதில்.

அந்த வாசகத்துக்குக் கீழே பெரும்பாலும் இன்னொன்று ஒளிந்திருக்கும், அதுதான் குற்றவுணர்வு. நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அம்மாச்சி ராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறாள். பேருந்தில் கூட்டி வராமல் கார் பிடித்திருந்தால்? வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளியிருந்தால்? அன்றைக்குப் பப்பாளிப் பழம் ஒரு துண்டு சாப்பிட்டாளே, அதுவா? நான் மார்பில் போட்டுக்கொண்டபோது என் உடம்பிலிருந்து கிருமி ஒட்டியிருக்குமோ? இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்ற பயம். கேதத்துக்கு வந்தவர் யாராவது விவரம் தெரியாமல், "ஏழாம் மாசம் பஸ்ல கூட்டிட்டு வந்தீங்களாமே" என்று கேட்டுவிட்டால், அந்த ஒரு கேள்வி வருடக்கணக்கில் அவள் நெஞ்சில் நிற்கும்.

மருத்துவம் சொல்வது வேறு. பனிக்குடம் முன்கூட்டியே உடைவதற்குக் கருப்பையின் சவ்வுகளில் ஏற்படும் தொற்று ஒரு முக்கியக் காரணம். பல நேரங்களில் காரணமே தெரிவதில்லை. இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணமோ ஒரு துண்டு பழமோ அதைச் செய்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. கங்காரு பராமரிப்பு குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வருவதைக் குறைக்கிறது என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு என்பதால், எல்லாம் சரியாகச் செய்தும் தொற்று வந்துவிடுகிறது. இந்த விளக்கத்தை மருத்துவர் பெற்றோரிடம் சொல்லியிருப்பார். அம்மாச்சியிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் குடும்பத்தில் படித்த ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, இரண்டு மூன்று வாரம் கழித்து அம்மாச்சியையும் தாத்தாவையும் மருத்துவரிடம் அழைத்துப்போய் அவர்கள் கேள்விகளை அவர்களே கேட்கும்படி செய்வது. "நான் கூட்டிட்டு வந்ததுனாலயா டாக்டர்?" என்று அவள் தன் வாயால் கேட்டு, "இல்லம்மா" என்று அவர் வாயால் கேட்க வேண்டும். உறவினர் ஆயிரம் முறை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

குழந்தை கொஞ்சம் வளர்ந்து, தாத்தா பாட்டி பொறுப்பில் இருந்தபோது விபத்தில் இறந்திருந்தால், விஷயம் இன்னும் கனமானது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, பின்னால் வந்த வண்டி எல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்துவிடுகின்றன. அங்கே "உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்று சட்டென்று சொல்வது எடுபடாது, அவர்கள் அதை நம்ப மாட்டார்கள். "நீங்க அந்தப் பிள்ளைய எப்படிப் பார்த்துக்கிட்டீங்கன்னு தெருவுக்கே தெரியும்" என்பது நம்பக்கூடிய சொல், ஏனென்றால் அது உண்மை. இந்த வீடுகளில் ஒருவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அம்மாச்சியின் கைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றேன். ஒன்று இருக்கிறது, அதுதான் மிகக் கொடுமையானது. குழந்தை போன பிறகும் மகளுக்குப் பால் சுரக்கும். ஒன்பது நாளாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தவளுக்கு நன்றாகவே சுரக்கும். மார்பு கல்லாகக் கட்டி வலிக்கும்போது பக்கத்தில் இருப்பவள் அம்மா. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிகளின் வழக்கம். அதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1988-இல் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவ இதழில் வெளியானது. பூவும் பால் சுரப்பைக் குறைத்தது என்று அதில் கண்டார்கள். ஆனால் இறுக்கித் துணி கட்டும் வழக்கத்தை இப்போது மருத்துவர்கள் ஏற்பதில்லை, பால் தேங்கிச் சீழ் கட்டக்கூடும். தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம், வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சி விடுவது, நாளுக்கு நாள் அதைக் குறைப்பது ஆகியவையே பாதுகாப்பானவை. காய்ச்சலோ மார்பில் சிவப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேதம் கேட்கப் போகிற அனுபவமுள்ள பெண்கள் இந்த வேலையில் அம்மாச்சிக்குத் துணை நிற்கலாம். நேற்று வரை பேரனுக்காகக் கிண்ணத்தில் பிடித்துச் சுமந்து சென்ற பாலை இன்று அவள் வாஷ்பேசினில் ஊற்றுகிறாள். அந்த நேரத்தில் அவள் தனியாக இருக்கக் கூடாது.

தாத்தாவின் நிலை வேறு மாதிரி. ஆண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து மழையைப் பற்றியும் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியும் பேசுவார்கள். அவரும் பதில் சொல்வார். அவர் உடைவது பேச்சில் இல்லை, பழக்கங்களில் தெரியும். காலை நடை நின்றுவிடும், டீக்கடைக்குப் போக மாட்டார், பேப்பர் பிரிக்கப்படாமல் கிடக்கும், சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அட்டையில் அப்படியே இருக்கும். அவரிடம் உட்கார்ந்து பேசுவதைவிட அவரோடு சேர்ந்து ஏதாவது செய்வது நல்லது. "மாமா, வாங்க ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டுப் போனால், நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே சிலர் பேசுவார்கள். புதைத்த இடத்தை அவர் காட்ட விரும்பலாம். அங்கே ஒரு செடி வைக்க நினைத்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கலாம். கேட்டால் சொல்வார்.

இன்னொரு வீடும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அப்பத்தாவும் அந்தப் பக்கத்துத் தாத்தாவும் செய்தி கேட்டு வந்தவர்கள். பேரனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருமுறை பார்த்திருப்பார்கள், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். அவர்களுக்கும் பேரன் போய்விட்டான், மகன் இடிந்துபோயிருக்கிறான். ஆனால் சம்பந்தி வீட்டில் அவர்கள் விருந்தாளிகள், நினைத்தபடி அழக்கூட இடமில்லை. இந்தச் சங்கடம்தான் பல வீடுகளில் கோபமாக மாறுகிறது. "எங்க ஊருப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பான்" என்று ஒரு சொல் விழுந்தால், இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளாமல் போகிறது. நடுவில் கிடந்து நசுங்குவது அந்த இளம் தம்பதி. கேதம் கேட்கிறவர்கள் இரண்டு வீட்டுக்கும் போகிறவர்களாக இருந்தால், ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. மாறாக, அப்பத்தாவிடம் "உங்க மருமகளுக்கு அவங்கம்மா செஞ்ச பணிவிடைய நான் பார்த்தேன்" என்று கண்டதைச் சொல்லலாம். சம்பந்திகளுக்குள்ளே என்றால், பெண்ணைப் பெற்ற அம்மாவின் கையைப் பிடித்து "நம்ம பேரன்" என்று அப்பத்தா ஒருமுறை சொல்வதற்கு இணையாக எதுவுமில்லை. எந்த வீட்டாரிடம் முதலில் அது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேதத்துக்கு எப்போது போவது என்பதில் நம்மிடம் நிறைய வழக்கங்கள் உண்டு. செவ்வாய், வெள்ளி ஆகாது என்பார்கள். அந்த வீட்டில் "வாங்க" என்று வரவேற்பதில்லை, கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதுமில்லை. இவற்றைக் கடைப்பிடிப்பவர்கள் கடைப்பிடிக்கட்டும். ஆனால் ஒருமுறை போய்வந்ததோடு கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறோமே, அதில்தான் குறை. முதல் வாரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரு மாதம் கழிந்ததும் மாப்பிள்ளை வந்து மகளை அழைத்துக்கொண்டு போவார். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பெரியவர்களும் முதன்முதலாகத் தனித்து விடப்படுகிறார்கள். வாங்கி வைத்த தொட்டில் கம்பி, வெள்ளைப் பருத்திச் சட்டைகள், பரணில் ஏற்றிய அரைக்கிலோ வசம்பு எல்லாம் அப்படியே இருக்கும். அந்த வாரம் போக வேண்டும். பிறகு குழந்தை பிறந்த தேதி மாதம் மாதம் வரும்போது ஒரு போன் செய்யலாம். ஒரு வருடம் ஆகும்போது இன்னொன்று. "இன்னைக்கு உங்களை நெனச்சேன்" என்றால் அவர்களுக்குப் புரியும்.

வயதானவர்களின் துக்கம் உடம்பில் இறங்குவது சீக்கிரம். சாப்பாடும் தூக்கமும் மாத்திரையும் தவறினால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எகிறும். நெஞ்சுவலியைக்கூட "மனசு வலிக்குது" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவார்கள். மாத்திரை தீர்ந்ததா என்று பார்த்து வாங்கிக் கொடுப்பதும், வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் கேதம் கேட்பதில் சேர்ந்தவையே. எவ்வளவு நாள் அழலாம் என்பதற்குக் கெடு கிடையாது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் அன்றாட வேலை எதுவும் ஓடாமல், நாள் முழுக்க அந்த ஏக்கமாகவே இருந்தால் மருத்துவ உதவி தேவைப்படும் நிலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. "நானும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதுவும் பேரப்பிள்ளை தன் பொறுப்பில் இருந்தபோது இறந்ததாக நினைப்பவர் சொன்னால், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரைத் தனியே விடக் கூடாது என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒன்றரை இரண்டு வருடத்தில் மகள் மறுபடி உண்டாகலாம். ஊர் சந்தோஷப்படும். அம்மாச்சிக்கு அன்றிலிருந்து தூக்கம் போகும். வளைகாப்பு வேண்டுமா வேண்டாமா, இந்த முறை மகளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் பழைய கணக்கு திரும்பத் தொடங்கும். முன்கூட்டியே பிரசவமான பெண்ணுக்கு மறுமுறையும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், தொடக்கத்திலிருந்தே சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். எங்கே பிரசவம் என்பதை வழக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனை எந்த ஊரில் பக்கம் என்று பார்த்து இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது. அப்போது "பழசை எல்லாம் மறந்துருங்க" என்று அம்மாச்சியிடம் சொல்ல வேண்டாம். "இது உங்களுக்கு ரெண்டாவது பேரப்பிள்ளை இல்லையா மதினி" என்று கேளுங்கள்.